ஐந்தொகையில் வரும் சொற்கள்: பணம் எந்தப் பக்கம் என்று தெரிய வேண்டாமா?

மார்ச் 31-ஆம் தேதி கணக்கு முடிக்கும்போது நம் வணிகர்கள் பலர் ஆடிட்டர் தரும் ஆங்கில ஐந்தொகையில் கையெழுத்துப் போட்டு வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். அதைத் தமிழில் எழுத முற்படும்போதுதான் தொல்லை தொடங்குகிறது. நம்மிடம் சொல் இல்லாமல் இல்லை. ஆனால் கடையில் புழங்கும் சொற்களில் பணம் எந்தப் பக்கம் போகிறது என்பது தெரிவதில்லை.

"பாக்கி" என்ற சொல்லையே பாருங்கள். வாடகை பாக்கி என்றால் நாம் கொடுக்க வேண்டியது. வாடிக்கையாளர் பாக்கி என்றால் நமக்கு வர வேண்டியது. "முன்பணம்" என்பதும் அப்படித்தான். கட்டட உரிமையாளரிடம் நாம் கொடுத்திருக்கும் முன்பணம் சொத்து. கல்யாணச் சாமான்களுக்கு நம்மிடம் ஒருவர் கொடுத்த முன்பணம் பொறுப்பு.

சிக்கல் கடைவீதியில் இரண்டு கூட்டாளிகள் சமபங்கில் ஒரு மளிகைக் கடை நடத்துவதாக வைத்துக்கொள்வோம். ஆண்டு முடிவில் ஏட்டின்படி லாபம் ரூ.1,80,000. ஆளுக்கு ரூ.90,000 எடுத்துக்கொள்ள நினைக்கிறார்கள். அதற்கு முன் நான்கு இனங்களைப் பார்க்க வேண்டும்.

முதலாவது, மார்ச் மாத வாடகை ரூ.5,000, ஆள் சம்பளம் ரூ.9,000. இரண்டையும் ஏப்ரலில்தான் கொடுக்கப் போகிறார்கள். ஆனால் செலவு மார்ச் மாதத்தைச் சேர்ந்தது. நம் பாடநூல்கள் இதைக் "கொடுபட வேண்டிய செலவு" என்கின்றன. பக்கம் தெளிவாகத் தெரியும் நல்ல சொல் இது. லாபம் ரூ.1,66,000 ஆகிறது.

இரண்டாவது, வங்கி வைப்புத்தொகைக்கு மார்ச் வரை சேர்ந்து, இன்னும் கைக்கு வராத வட்டி ரூ.3,000. இதற்குப் பாடநூல் சொல் "கூடியுள்ள வருமானம்". நம் ஏட்டில் "சேர்ந்து, வர வேண்டிய வட்டி" என்று எழுதினால் யாருக்கும் புரியும். லாபம் ரூ.1,69,000.

மூன்றாவது, சித்திரையில் நடக்கும் திருமணத்திற்காக மார்ச்சில் வாங்கிய ரூ.40,000. சாமான் இன்னும் போகவில்லை, ஆனால் ஏட்டில் விற்பனை என்று எழுதிவிட்டார்கள். இதன் ஆங்கிலப் பெயரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து "ஒத்திவைத்த வருமானம்" என்று எழுதினால், பணம் பிறகு வரும் என்றே படிப்பவர் நினைப்பார். உண்மையில் பணம் வந்துவிட்டது; சரக்குத்தான் போகவில்லை. "முன்கூட்டிப் பெற்ற வருமானம்" என்பதே சரி. அதைவிட, "சரக்குக் கொடுக்க வேண்டிய முன்பணம்" என்றால் கடைப் பையனுக்கும் விளங்கும். சரக்கு இன்னும் கடை இருப்பில் இருப்பதால் ரூ.40,000 முழுவதையும் கழிக்க வேண்டும். லாபம் ரூ.1,29,000.

நான்காவது, மழைக்காலத்தில் உப்பள வேலை நின்றபோது கொடுத்த கடனில் ரூ.8,000 வருமா என்பது சந்தேகம். அந்தத் தொகைக்கு "ஐயக்கடன் ஒதுக்கு" எழுத வேண்டும். லாபம் ரூ.1,21,000. ஆளுக்கு ரூ.60,500-தான். ரூ.90,000 எடுத்திருந்தால் இருவரும் சேர்ந்து ரூ.59,000-ஐ லாபமென்று நினைத்து முதலிலிருந்து எடுத்திருப்பார்கள்.

"ஒதுக்கு" என்றதும் பணத்தை எடுத்துத் தனியே வைத்திருப்பதாக நினைக்க வேண்டாம். கல்லாவில் ஒரு ரூபாய்கூட நகரவில்லை. எதிர்பார்க்கும் நட்டத்தை இப்போதே லாபத்தில் குறைத்துக் காட்டுகிறோம், அவ்வளவே. நட்டம் வந்த ஆண்டிலும் இதை எழுதியாக வேண்டும். லாபத்தில் ஒரு பகுதியைத் தொழிலிலேயே நிறுத்தி வைப்பது வேறு. அதற்குப் பெயர் "காப்பு". கடலுக்கு அப்பால் இலங்கைத் தமிழ்க் கணக்கியல் நூல்களைப் பார்ப்பவர்கள் இங்கே கவனமாக இருக்க வேண்டும். நம் "ஒதுக்கு" அங்கே "ஏற்பாடு". நம் "காப்பு" அங்கே "ஒதுக்கம்". ஓர் எழுத்து மாறினால் லாபமும் நட்டமும் இடம் மாறிவிடும். கொடுபட வேண்டிய செலவை அவர்கள் "அட்டுறு செலவு" என்பார்கள்.

இன்னொன்று: ஐயக்கடன் ஒதுக்கை நம் போன்ற வணிகர்களுக்கு வருமான வரிக் கணக்கில் பொதுவாகக் கழிக்க விடமாட்டார்கள். வராது என்று முடிவு செய்து, ஏட்டில் வாராக்கடனாகத் தள்ளிய பிறகே கழிக்கலாம்.

ஏப்ரலில் வாடகை கொடுக்கும்போது அதைப் புதிய செலவாக எழுதாதீர்கள். "கொடுபட வேண்டிய வாடகை" என்ற கணக்கில் பற்று எழுதி அதைத் தீர்க்க வேண்டும். தவறு நடந்திருந்தால் அடுத்த மார்ச்சில் பிடித்துவிடலாம். வாடகைக் கணக்கை எண்ணிப் பாருங்கள். பன்னிரண்டு மாதத்திற்குப் பதிமூன்று வாடகை நின்றால், ஒன்று இரண்டு முறை ஏறியிருக்கிறது.

அடுத்த முறை ஐந்தொகை எழுதும்போது பாக்கி, முன்பணம் என்று மொட்டையாக நிறுத்தாமல், "கொடுக்க வேண்டிய", "வர வேண்டிய" என்ற சொல்லை முன்னால் சேர்த்து எழுதுங்கள்.