வைஃபை இருக்கிறது, முகவரி இல்லை

வைஃபை சிக்னல் முழுதாகத் தெரிகிறது, கடவுச்சொல்லும் சரிதான். ஆனால் கைபேசி `Obtaining IP address` என்ற வரியிலேயே நின்றுவிடுகிறது. உடனே இணைய நிறுவனத்தைக் கூப்பிடத் தோன்றும். அதற்கு முன் ரூட்டரைப் பார்த்துவிடுவது நல்லது.

வீட்டு வைஃபையில் சேரும் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் ஐபி முகவரி வேண்டும். அதை வழங்குவது ரூட்டருக்குள் இயங்கும் டிஎச்சிபி என்னும் சேவை. மேல்மாடிக்கு வைஃபை எட்டவில்லை என்று பழைய ரூட்டர் ஒன்றையும் கேபிள் போட்டு இணைப்பவர்கள் உண்டு. அப்போது பழையதில் டிஎச்சிபியை அணைக்க வேண்டும். பல ரூட்டர்களின் அமைப்புப் பக்கமும் 192.168.1.1 என்ற ஒரே முகவரியில்தான் திறக்கும் என்பதால், கைதவறி முதன்மை ரூட்டரில் அணைத்துவிடுவது எளிது.

விளைவு உடனே தெரியாது. முகவரிகள் குத்தகைக்குத்தான் கொடுக்கப்படுகின்றன. பல ரூட்டர்களில் காலம் 24 மணி நேரம். அதுவரை பழைய கருவிகள் ஓடும், புதிதாகச் சேர்பவை மட்டும் திணறும். மறுநாள் எல்லாமே நின்றுபோகும். ஆகவே நேற்று யார் ரூட்டரில் கைவைத்தார்கள் என்று முதலில் கேளுங்கள்.

விண்டோஸ் மடிக்கணினியில் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து இதைத் தட்டுங்கள்:

```
ipconfig
```

வைஃபைக்கான பகுதியில் 169.254 என்று தொடங்கும் முகவரி தெரிந்தால், வழங்குபவர் யாரும் பதில் தரவில்லை, கணினி தானே ஒன்றைச் சூட்டிக்கொண்டது என்று பொருள். அந்த முகவரியை வைத்துக்கொண்டு ரூட்டரின் பக்கத்தைத் திறக்க முடியாது. பலர் இங்கேதான் சிக்கி, ரீசெட் பொத்தானை அழுத்திவிடுகிறார்கள். அதில் இணைய நிறுவனம் பதிந்து கொடுத்த பயனர்பெயரும் கடவுச்சொல்லும்கூட அழிந்துபோகலாம். அது கடைசி வழியாகவே இருக்கட்டும்.

முகவரியைக் கையால் கொடுத்தால் போதும். ரூட்டரின் அடிப்பக்க லேபிளில் 192.168.1.1 என்று இருப்பதாகக் கொள்வோம். விண்டோஸ் 11இல் வைஃபை அமைப்புக்குள் `IP assignment` எதிரே `Edit` அழுத்தி, `Manual` தேர்ந்து, `IPv4`ஐ இயக்குங்கள். முகவரி 192.168.1.10, சப்நெட் மாஸ்க் 255.255.255.0, கேட்வே, டிஎன்எஸ் இரண்டுக்கும் 192.168.1.1. சேமித்ததும் இந்த ஒரு கணினியில் இணையமே வந்துவிட்டால், வெளி இணைப்பில் குறையில்லை என்பது உறுதி.

இனி உலாவியில் 192.168.1.1 தட்டி உள்ளே நுழையுங்கள். `LAN` அல்லது `Network` பகுதியில் `DHCP Server` இருக்கும். அதை `Enable` ஆக்குங்கள். வழங்கும் முகவரிகளின் வரம்பு 192.168.1.100 முதல் 192.168.1.199 வரை இருக்கலாம். ரூட்டரின் சொந்த முகவரி அதற்குள் வரக் கூடாது. சேமியுங்கள். மடிக்கணினியை மீண்டும் `Automatic (DHCP)` நிலைக்கு மாற்றி, மற்ற கருவிகளில் வைஃபையை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். மேல்மாடி ரூட்டரில் மட்டும் டிஎச்சிபி அணைந்தே இருக்க வேண்டும். இரண்டும் முகவரி வழங்கினால், ஒரே முகவரி இரு கருவிகளுக்குப் போய் மோதும்.