உங்களுக்குத் தெரியுமா? ஒரே தவறான பொத்தானுக்கு மூன்று விடைகள்

எண்பூட்டு ஒன்றின் ரகசியம் 1-1-2. தவறான எண்ணை அழுத்தினால் பூட்டு ரீசெட் ஆகும். இதற்கு நிலைப்பொறி வரைக என்று தேர்வில் கேட்கிறார்கள். S0, S1, S2, S3 என நான்கே நிலைகள்; நினைவில் வைக்க இரண்டு ஃபிளிப்-ஃபிளாப் போதும்.

சிக்கல் S2-வில் இருக்கிறது. 1, 1 அழுத்தியாகிவிட்டது. 2 வர வேண்டிய இடத்தில் மீண்டும் 1 வருகிறது. அம்புக்குறி எங்கே போக வேண்டும்? முழு ரீசெட் என்றால் S0. தவறிய 1-ஐயே புது முயற்சியின் முதல் எண்ணாக எடுத்தால் S1. கடைசி மூன்று எண்களை மட்டும் பார்க்கும் பூட்டு என்றால் S2-விலேயே நிற்க வேண்டும், ஏனெனில் கடைசி இரண்டு எண்களும் இன்னும் 1-1 தான்.

1, 1, 1, 2 என்று அழுத்திப் பாருங்கள். மூன்றாவது வகை மட்டுமே திறக்கும். வினாவில் 'ரீசெட்' என்று வெறுமனே இருந்தால் S0-வை எடுத்து, அந்த அனுமானத்தை விடைத்தாளில் எழுதிவிடுவதே நல்லது.

மூன்றாவது வகை திருடனுக்கும் வசதி! மூன்று இலக்க ரகசியங்கள் மொத்தம் 1,000. ஒவ்வொன்றாகப் போட்டால் 3,000 அழுத்தல்கள். டச்சுக் கணிதவியலாளர் டி புரூயின் பெயரால் வழங்கும் எண்தொடரில், ஒரு ரகசியத்தின் கடைசி இரண்டு இலக்கங்களே அடுத்ததன் முதல் இரண்டாகின்றன. 1,002 அழுத்தல்களில் எல்லாம் முடிந்துவிடும்.