உங்களுக்குத் தெரியுமா? சதுர்த்தி இரண்டு நண்பகலைத் தொட்டால் பிள்ளையாருக்கு எந்த நாள்?

பெரும்பாலான விரதங்களுக்குச் சூரிய உதயத்தில் உள்ள திதியைப் பார்ப்போம். விநாயகர் சதுர்த்திக்கு அது போதாது. மத்தியான வேளையில் சதுர்த்தி இருக்க வேண்டும். இங்கே மத்தியானம் என்பது பகலை ஐந்தாகப் பிரித்தால் வரும் மூன்றாம் பங்கு. செப்டெம்பர் நடுவில் ஹட்டனில் சூரியன் ஏறத்தாழ 5.58க்கு உதித்து 6.06க்கு மறைகிறது. ஒரு பங்கு இரண்டரை மணிக்குச் சற்றுக் குறைவு. ஆகவே மத்தியானம் சுமார் 10.50 முதல் 1.15 வரை.

2023இல் இந்தக் கணக்கு நன்றாகவே சோதிக்கப்பட்டது. திருக்கணிதப்படி செப்டெம்பர் 18, திங்கள் பகல் 12.39க்குச் சதுர்த்தி தொடங்கி, மறுநாள் 1.43க்கு முடிந்தது. ஹட்டன் மத்தியானத்தின் கடைசி அரைமணிச் சொச்சத்தை மட்டுமே திங்கட்கிழமை சதுர்த்தி தொட்டது. செவ்வாயன்று அந்த வேளை முழுவதும் அதுவே நின்றது. முதல் நாள் ஓரளவு, மறுநாள் முழுமை என்றால் மறுநாளையே கொள்ளச் சொல்கிறது தர்மசிந்து. மகாராஷ்டிரம் 19ஆம் திகதி கொண்டாடியது. தமிழ்நாட்டிலோ அரசு விடுமுறை 18ஆம் திகதிக்கு.

இரு நாளும் மத்தியானம் முழுக்கச் சதுர்த்தி இருந்தாலும், இரு நாளும் அதைத் தொடாவிட்டாலும், திருதியை கலந்த முந்திய நாளே ஏற்றது. சதுர்த்திக்குத் திருதியையின் சேர்க்கை நல்லது என்பது மரபு.

இலங்கைக்கும் இந்தியாவுக்கும் கடிகார நேரம் ஒன்றே என்பதால், இந்தியப் பஞ்சாங்கத்தின் திதி நேரத்தை மலையகத்தில் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். உதயமும் அஸ்தமனமும் மட்டும் நம்மூருக்கு உரியவையாக இருக்க வேண்டும். வாக்கியப் பஞ்சாங்கத்தில் திதி நேரமே மாறுபடும். தோட்டத்துக் கோயில் எதைப் பின்பற்றுகிறது என்பதை ஐயரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.