எந்த ஊரின் ஏழரை மணி?

வடக்கில் பத்தாண்டுகள் இரண்டு நேரங்கள் வழக்கில் இருந்தன. நீர்மின் உற்பத்தி வீழ்ந்த 1996 மே மாதத்தில் அரசு கடிகாரத்தை ஒரு மணிநேரம் முன்தள்ளியது. ஒக்டோபரில் அதில் பாதியைக் குறைத்தது. புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த வன்னியோ பழைய நேரத்தையே வைத்துக்கொண்டது. யாழ்ப்பாணத்தில் ஒன்பது மணியென்றால் கிளிநொச்சியில் எட்டரை. 2002இல் ஏ-9 வீதி திறந்தபின் முகமாலையைக் கடந்தோர், எந்த நேரம் என்று கேட்டுத் தெளிந்த பின்னரே சந்திப்புக்கு உடன்பட வேண்டியிருந்தது. 2006 ஏப்ரலில் நாடு பழைய நேரத்துக்குத் திரும்பியதும் அக்கேள்வி மறைந்தது.

இன்று பழைய மாணவர் சங்கமோ பள்ளிவாசல் நிர்வாகமோ இணையவழியில் கூடும்போது அதே கேள்வி நான்கு நாடுகளாய் விரிந்து நிற்கிறது. 'ஞாயிறு இரவு 7.30' என்ற அறிவித்தல் யாழ்ப்பாணத்தில் இருப்பவருக்கு மட்டுமே பொருள் தரும். 'லண்டனுக்கு ஐந்தரை மணி வித்தியாசம்' என்ற மனக்கணக்கும் குளிர்காலத்துக்கே சரி. கோடையில் அது நாலரை.

2026 மார்ச் 15, ஞாயிற்றுக்கிழமையை எடுத்துக்கொள்வோம். கனடா மார்ச் 8இலேயே கடிகாரத்தை முன்தள்ளுகிறது. பிரித்தானியா 29ஆம் திகதிவரை பொறுத்திருக்கிறது. ஆகவே யாழ்ப்பாணத்தில் இரவு 7.30 ஆகும்போது ரொரன்ரோவில் காலை 10, லண்டனில் பிற்பகல் 2, சிட்னியில் மறுநாள் அதிகாலை 1. அதே கூட்டம் ஏப்ரல் 12இல் நடந்தால் ரொரன்ரோவில் மாற்றமில்லை. லண்டனில் பிற்பகல் 3, சிட்னியில் நள்ளிரவு 12. ஏப்ரல் 5இல் அவுஸ்திரேலியா கடிகாரத்தைப் பின்தள்ளிவிடுவதே இதற்குக் காரணம். இலங்கையில் இவ்வழக்கம் இல்லை. எனவே மாதந்தோறும் கூடுவோர் யாழ்ப்பாண நேரத்தை நிலையானதாக வைத்து, மற்ற ஊர்களின் நேரத்தை ஒவ்வொரு முறையும் புதிதாகக் கணிப்பதே நலம்.

மணியைவிடக் கிழமையே அதிகம் ஏமாற்றும். சிட்னியின் அதிகாலை 1 மணி நாட்காட்டிப்படி திங்கள். பஞ்சாங்கப்படி சூரியன் உதிக்கும்வரை ஞாயிறு. முஸ்லிம்களிடையே நாள் மஃரிபில் தொடங்குவதால், வியாழன் பொழுது சாய்ந்ததுமே 'வெள்ளி இரவு' வந்துவிடுகிறது. 'மஃரிபுக்குப் பின்' என்பது ஓர் ஊருக்குள் துல்லியமான அழைப்பு. நான்கு ஊர்களுக்கு நான்கு வேறு அழைப்புகள். 'நள்ளிரவு 12' என்பதில், எந்த நாளின் தொடக்கம், எந்த நாளின் முடிவு என்பதும் தெளிவில்லை, 12.05 என்று எழுதிவிட்டால் சிக்கல் தீரும்.

மார்ச் மாதக் கூட்டத்துக்கான அறிவித்தலை இப்படி எழுதலாம்:

'2026 மார்ச் 15, ஞாயிறு, யாழ்ப்பாண நேரம் இரவு 7.30 (UTC+5:30). லண்டன் பிற்பகல் 2.00, ரொரன்ரோ காலை 10.00, சிட்னி மார்ச் 16, திங்கள் அதிகாலை 1.00.'

அடைப்புக்குள் உள்ளது, உலகப் பொது நேரத்துக்கு யாழ்ப்பாணம் ஐந்தரை மணிநேரம் முன்னே நிற்பதைக் குறிக்கிறது. பட்டியலில் இல்லாத ஒஸ்லோவிலோ தோஹாவிலோ இருப்பவரும் அதைக்கொண்டு தம் நேரத்தைக் கணித்துக்கொள்வார். IST என்ற மூன்றெழுத்தைத் தவிர்ப்பது நல்லது. இந்தியாவைப் போலவே அயர்லாந்தும் இஸ்ரேலும் அதைத் தம் நேரத்துக்கு எழுதுகின்றன.