இருப்புக் குறைந்தால் முதலாளிக்கு எப்படி எழுதுவது?

இடம்பெயர்ந்த பின்னர் நம்மிற் சிலர் அரிசி ஆலைகளிலே களஞ்சியப் பொறுப்பாளராக வேலை செய்கின்றோம். இருப்பு எண்ணும்போது குறைவு கண்டால், வாயாற் சொல்வது போதாது. எழுதிக் கொடுக்க வேண்டும். ஓர் உதாரணத்தைப் பார்ப்போம்.

பதிவேட்டின்படி 60 கிலோ நெல் மூட்டைகள் 80 இருக்க வேண்டும்; அதாவது 4800 கிலோ. எண்ணியபோது 77 மூட்டைகளே இருந்தன. நிறுத்தபோது 4476 கிலோ. குறைவு 324 கிலோ.

பொறுப்பாளர் பேச்சுவாக்கிற் சொன்னது இது: "ரெண்டு மூட்டை முதலாளியின்ரை தம்பி உழவு இயந்திரத்திலை ஏத்திக்கொண்டு போனவர், துண்டு எழுதேல்லை. ஒண்டை எலி அறுத்துப்போட்டுது, கொட்டினதை அள்ளி மற்ற மூட்டையளிலை போட்டிட்டம். மிச்சம் காய்ஞ்சு குறைஞ்சிருக்கும் அண்ணை."

இந்த மூன்று காரணங்களையும் தனித்தனியே சோதிப்போம்.

முதலாவது, துண்டில்லாமற் போன 120 கிலோ. எடுத்தவர் ஒப்புக்கொண்டால் மட்டுமே இது தீரும்.

இரண்டாவது, எலி அறுத்த மூட்டை. கொட்டிய நெல்லை மற்ற மூட்டைகளில் இட்டால் மூட்டைத் தொகை ஒன்று குறையும், நிறை குறையாது. ஆகவே 77 மூட்டைகளுக்குள் 78 மூட்டை நெல், அதாவது 4680 கிலோ இருக்க வேண்டும்.

மூன்றாவது, காய்தல். நெல் 16 வீத ஈரத்துடன் வந்ததாகப் பதிவேட்டில் உள்ளது. இப்போது அளந்தால் 14 வீதம். நீர் மட்டுமே குறையும். மணியின் உலர்ந்த பகுதி மாறாது. முன்பு அது 100இல் 84 பங்கு, இப்போது 86 பங்கு. எனவே 4680ஐ 84ஆற் பெருக்கி 86ஆற் பிரித்தால் 4571 கிலோ வரும். காய்ந்து குறைந்தது 109 கிலோ மட்டுமே. வந்த நாளின் ஈரம் பதியப்படாதிருந்தால் இந்தக் கணக்கைக் காட்டவே முடியாது.

4571இல் இருந்து 4476ஐக் கழித்தால் 95 கிலோ மிஞ்சுகிறது. இதற்குக் காரணம் தெரியாது. அறிக்கை இப்படி அமையலாம்:

"ஐயா, இன்று இருவர் முன்னிலையில் நெல் இருப்பு எண்ணி நிறுக்கப்பட்டது. பதிவேட்டின்படி 80 மூட்டை, 4800 கிலோ. கண்டது 77 மூட்டை, 4476 கிலோ. குறைவு 324 கிலோ.
துண்டின்றித் தங்கள் தம்பியார் எடுத்ததாகச் சொல்லப்படுவது 120 கிலோ. தயவுசெய்து அவரிடம் கேட்டு உறுதிப்படுத்தவும்.
ஈரம் குறைந்ததால் 109 கிலோ.
காரணம் தெரியாதது 95 கிலோ.
எலி அறுத்த ஒரு மூட்டை நெல் மற்ற மூட்டைகளில் இடப்பட்டது. அதனால் எவ்வளவு சேதம் என்று அளக்கப்படவில்லை."

கடைசித் தொகையை எலியின் தலையிலோ ஒருவரின் பெயரிலோ போட்டுக் கணக்கை நேராக்கக் கூடாது. அடுத்த முறை தராசையும் கதவுப் பூட்டையும் சோதிக்க வேண்டியது அந்த 95 கிலோவுக்காகவே. அதை மறைத்து எழுதினால், பின்னர் அது பொறுப்பாளரின் தலையிலேயே விழும்.