நன்றியுரையில் 40 பெயர்கள்



பங்குத் திருவிழாத் திருப்பலியில் நற்கருணை வழங்கி முடிந்தது. இறுதி ஆசீருக்கு முன் ஒருவர் கையில் தாளோடு ஒலிபெருக்கி முன் வருகிறார். ஆயரில் தொடங்கி பந்தல் போட்டவர் வரை 40 பெயர்கள். பெயருக்கு 10 நொடி என்றாலும் ஏறக்குறைய 7 நிமிடம் ஆகிவிடும். பத்தாவது பெயரிலேயே பின்வரிசையில் பேச்சுச் சத்தம் எழும்.

நாம் நன்றி கெட்டவர்களா? இல்லை. எல்லா வாக்கியமும் "மனமார்ந்த நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன்" என்றே முடிகிறது. அவர் என்ன செய்தார் என்பது சொல்லப்படவில்லை. செயல் தெரியாத பெயர் மனத்தில் நிற்பதில்லை. அதனால் ஒவ்வொருவரும் தம் பெயருக்காக மட்டுமே காத்திருக்கிறோம். பட்டியல் நீள நீள, விடுபட்டவரின் வருத்தமும் கூடுகிறது. 40 பேரைச் சொன்னவர்கள் தம்மை மட்டும் மறந்தார்களே என்று அவர் நினைப்பார். ஆலயத்தைப் பெருக்கியவரின் பெயரோ கடைசியில், யாரும் கேட்காத நேரத்தில் வருகிறது.

புனித பவுல் உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் 16-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். அங்கும் 20-க்கு மேற்பட்ட பெயர்கள் உண்டு. ஆனால் பிரிஸ்காவும் அக்கிலாவும் தமக்காக உயிரையே பணயம் வைத்ததைச் சொல்கிறார். மரியா அவர்களுக்காக மிகவும் பாடுபட்டதைச் சொல்கிறார். ரூஃபுவின் தாயைத் தமக்கும் தாய் என்கிறார். எல்லாரைப் பற்றியும் இப்படி விரித்து எழுதவில்லை. சிலரை ஒரே வரியில் சேர்த்து வாழ்த்துகிறார்.

நாமும் அப்படியே செய்யலாம். முதலில் இறைவனுக்கு ஒரு வாக்கியம். அடுத்து, மக்கள் கண்ணில் படாத மூன்று பணிகளை மட்டும் தேர்ந்து, செயலை முன்னும் பெயரைப் பின்னும் சொல்வோம். "ஒன்பது நாளும் விடியற்காலை 4 மணிக்கு வந்து ஆலயத்தைத் திறந்து பெருக்கிய அக்கா இதோ முன்வரிசையில் இருக்கிறார்" என்று சொல்லிப் பெயரைச் சொன்னால், எல்லாரும் அவரைத் திரும்பிப் பார்ப்பார்கள். பிறகு பாடகர் குழு, அன்பியங்கள், இளையோர் என்று குழுக்களாக ஒரே வாக்கியத்தில் நன்றி கூறுவோம். இவ்வளவுக்கும் 2 நிமிடம் போதும்.

நன்கொடையாளர்களின் பெயர்களை விடவும் முடியாது. அவர்கள் எதிர்பார்ப்பதும் தவறல்ல. அந்த முழுப் பட்டியலை அறிவிப்புப் பலகையிலும் பங்கு மடலிலும் இடுவோம். பொறுப்பாளர்கள் இருவர் முன்பே சரிபார்த்தால் பெயர் விடுபடாது. பெரிய உதவி செய்தவரின் வீட்டுக்கே சென்று நன்றி சொல்வோம்.

நற்கருணையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லுக்கு நன்றி செலுத்துதல் என்றே பொருள். அந்த நன்றிப் பலி முடியும் வேளையில், மக்கள் கடிகாரத்தைப் பார்க்க நாம் காரணமாகாதிருப்போம். ஆமென்.