ஆபீஸுக்குத் தெரியாமல் வேலை தேடுவது

லிங்க்ட்இன்னில் சிலருடைய புகைப்படத்தைச் சுற்றி பச்சை நிறத்தில் அரைவட்டப் பட்டை ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். ‘நான் வேலை தேடுகிறேன்’ என்று ஊருக்கே சொல்லும் பட்டை அது, 2020-ல் வந்தது. வேலை போனவர்களுக்கு அதனால் பயன் உண்டு. வேலையில் இருந்துகொண்டே வேறிடம் பார்ப்பவர் அதைப் போட்டால், அடுத்த டீ இடைவேளைக்குள் விஷயம் மேனேஜர் காதுக்குப் போய்விடும். அப்ரைசல் நேரமாக இருந்தால் கேட்கவே வேண்டாம்.

இந்த இக்கட்டுக்கு லிங்க்ட்இன்னிலேயே ஒரு வழி இருக்கிறது. உங்கள் பக்கத்தில் பெயருக்குக் கீழே உள்ள ‘Open to’ பொத்தானை அழுத்தி, ‘Finding a new job’ என்பதைத் தேர்ந்தெடுத்தால், என்ன பதவி, எந்த ஊர், முழுநேரமா ஒப்பந்தமா என்று கேட்கும். கடைசியில் இதை யார் பார்க்கலாம் என்ற கேள்வி வரும். ‘All LinkedIn members’ என்று கொடுத்தால் பச்சைப் பட்டை. ‘Recruiters only’ என்று கொடுத்தால் பட்டை கிடையாது. ஆள் எடுப்பவர்களுக்கு மட்டும் தெரியும், உங்கள் நிறுவனத்து ஆள் எடுப்பவர்களுக்குத் தெரியாது. பலர் இத்தோடு நிம்மதியாகிவிடுகிறார்கள். ஆனால் அதே பக்கத்தில் லிங்க்ட்இன் இன்னொன்றும் சொல்கிறது: உங்கள் நிறுவனத்துக்குத் தெரியாமல் இருக்க முயற்சி எடுக்கிறோம், முழு ரகசியத்துக்கு உத்தரவாதம் தர முடியாது என்று. இது வக்கீல்கள் சம்பிரதாயத்துக்குச் சேர்த்த வரி இல்லை. அந்தத் திரையில் எங்கெங்கே ஓட்டை என்று தெரிந்துகொண்டால் காரணம் புரியும்.

முதலில், இங்கே ‘ரெக்ரூட்டர்’ என்றால் யார்? ‘லிங்க்ட்இன் ரெக்ரூட்டர்’ என்று நிறுவனங்கள் பணம் கட்டி வாங்கும் தனிச் சேவை ஒன்று உண்டு. அதை வைத்திருப்பவர்கள் ஆள் தேடும்போது, மாறத் தயாராக இருப்பவர்களை மட்டும் வடிகட்டிப் பார்க்கலாம். நீங்கள் கொடுக்கும் சமிக்ஞை போய்ச் சேருவது அங்கேதான். உங்கள் நிறுவனமும் அந்தச் சேவையை வாங்கியிருக்கும். அவர்கள் கணக்கிலிருந்து தேடினால் உங்கள் சமிக்ஞை தெரியாமல் லிங்க்ட்இன் மறைக்கிறது. ஆக, அது மறைப்பது ஒரு நிறுவனத்தின் கணக்கிலிருந்துதான். அந்த நிறுவனத்து மனிதர்களின் கண்ணிலிருந்து அல்ல.

ஓர் உதாரணத்தை வைத்துப் பார்ப்போம். சிறுசேரியில், வெளிநாட்டு வங்கி ஒன்றின் தொழில்நுட்பப் பிரிவில் டெஸ்டிங் லீடாக இருக்கும் ஒருவர். வேலையில் சேர்ந்த நாளில் லிங்க்ட்இன்னில் நிறுவனத்தின் பெயரைக் கையால் அடித்துவிட்டு விட்டுவிட்டார். அவருடைய Experience பகுதியில் நிறுவனத்தின் லோகோ வராமல் சாம்பல் நிறக் கட்டம்தான் இருக்கிறது. இந்தச் சின்ன விஷயம்தான் பெரிய ஓட்டை. லோகோ இல்லையென்றால், அந்த வேலை நிறுவனத்தின் அதிகாரபூர்வப் பக்கத்தோடு இணைக்கப்படவில்லை என்று பொருள். இவர் யாரிடம் வேலை பார்க்கிறார் என்பதே லிங்க்ட்இன்னுக்கு உறுதியாகத் தெரியாதபோது யாரிடமிருந்து மறைப்பது? சரிசெய்வது சுலபம். பென்சில் குறியை அழுத்தி, பெயரை அழித்து, மறுபடி அடிக்கும்போது கீழே வரும் பட்டியலில் லோகோவோடு இருப்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அப்போது ‘Notify network’ அணைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சேமிக்க வேண்டும். இல்லையென்றால் ஓட்டையை அடைத்த செய்தியே நண்பர்கள் எல்லோருக்கும் போய்விடும்.

அடைத்த பிறகும் இரண்டு வழிகள் திறந்தே இருக்கும். வங்கிக்கு லண்டனில் ஒரு பக்கம், சென்னைப் பிரிவுக்கு வேறொரு பெயரில் தனிப் பக்கம் என்று இருக்கலாம். தொடர்புடைய நிறுவனங்களிடமிருந்தும் மறைப்பதாக லிங்க்ட்இன் சொன்னாலும், எந்த நிறுவனம் எதன் கிளை என்பது அதற்குச் சரியாகத் தெரிந்திருந்தால்தான் அது நடக்கும். இரண்டாவது வழி கன்சல்டன்சி. அந்த வங்கிக்கே ஆள் பிடித்துக் கொடுக்கும் வெளி ஏஜென்சிக்குத் தனிக் கணக்கு. அங்கே இவர் பளிச்சென்று தெரிவார். “சார், ஒரு பெரிய எம்.என்.சி.யில டெஸ்டிங் லீட் ஓப்பனிங் இருக்கு, ரெஸ்யூமே அனுப்புங்க” என்று போன் வரும். கிளையன்ட் யார் என்று கேட்காமல் அனுப்பினால், ரெஸ்யூமே நேராக இவருடைய சொந்த ஹெச்.ஆர். மேஜையில் போய் விழும். ஆகவே ‘கிளையன்ட் பெயர் சொன்னால்தான் ரெஸ்யூமே’ என்பதை ஒரு விதியாகவே வைத்துக்கொள்ளலாம். பெயர் சொல்ல மறுக்கிற கன்சல்டன்ட்டை விட்டுவிடுவதில் பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை.

நம் ஊரில் லிங்க்ட்இன்னைவிட நௌக்ரியில்தான் மாட்டிக்கொள்ளும் ஆபத்து அதிகம் என்பது என் எண்ணம். அங்கே ரெஸ்யூமேக்களைத் தேடும் தளத்துக்கு ‘ரெஸ்டெக்ஸ்’ என்று பெயர். இப்போதைய நிறுவனத்தின் பெயரை வைத்தே அதில் தேடலாம். போட்டி நிறுவனத்து ஆட்களைப் பிடிக்க அப்படித் தேடுகிறவர்கள், தங்கள் நிறுவனத்தின் பெயரைப் போட்டு யார் கிளம்பப் பார்க்கிறார்கள் என்றும் பார்க்கலாம். நௌக்ரியின் அமைப்புகளில் குறிப்பிட்ட நிறுவனங்களைத் தடுக்கும் வசதி இருக்கிறது. ஆனால் நீங்களாகப் போய்ப் பெயரைச் சேர்க்க வேண்டும். ஒரே நிறுவனம் ‘பிரைவேட் லிமிடெட்’, ‘சர்வீசஸ்’, ‘டெக்னாலஜீஸ்’ என்று பல பெயர்களில் இருக்கும். எல்லாவற்றையும் தடுக்க வேண்டும். கன்சல்டன்சிகளை இப்படித் தடுத்து மாளாது. ஏற்கனவே பதிவிறக்கம் செய்யப்பட்ட ரெஸ்யூமேவையும் திரும்ப வாங்க முடியாது.

சமிக்ஞை வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு பாதி வழிதான் உண்டு. ஆள் எடுப்பவர் கணக்கில் நீங்கள் எப்படித் தெரிகிறீர்கள் என்று உங்களால் பார்க்க முடியாது. உங்கள் பக்கத்தில் ‘Open to work’ என்ற பெட்டி உங்களுக்குத் தெரியும்; அதைப் பார்த்துப் பதற வேண்டாம். ரெக்ரூட்டராக இல்லாத நண்பர் ஒருவரை அவருடைய போனில் உங்கள் பக்கத்தைத் திறக்கச் சொல்லுங்கள். அவருக்கு அந்தப் பெட்டியோ பச்சைப் பட்டையோ தெரியக்கூடாது. தெரிந்தால் தேர்வு தவறாக இருக்கிறது.

பலர் இதையெல்லாம் சரியாகச் செய்துவிட்டு வேறிடத்தில் காட்டிக்கொடுத்துக்கொள்கிறார்கள். மூன்று வருடம் தொடாத பக்கத்தில் ஒரே இரவில் புதுப் படம், புதுத் தலைப்பு, பத்துத் திறன்கள், பழைய மேனேஜரிடம் பரிந்துரை என்று வந்தால், எந்த அமைப்பும் மறைக்க முடியாது. சக ஊழியர்கள் கண்ணாலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். மாற்றங்களை வாரக்கணக்கில் பரப்பிச் செய்வது நல்லது. ஆபீஸ் லேப்டாப்பையும் ஆபீஸ் மெயிலையும் இதில் தொடவே கூடாது. அங்கே எந்தத் தளத்தைத் திறந்தாலும் நிறுவனத்தின் நெட்வொர்க்கில் தடம் இருக்கும்.

எல்லாம் கூடிவந்து இன்டர்வியூ முடிந்த பிறகு இன்னொரு கட்டம் இருக்கிறது. பின்னணிச் சரிபார்ப்புப் படிவத்தில் ‘இப்போதைய நிறுவனத்தைத் தொடர்புகொள்ளலாமா’ என்று ஒரு கேள்வி வரும். அவசரத்தில் ‘ஆம்’ என்று டிக் செய்துவிட்டால், ராஜினாமா கடிதம் கொடுப்பதற்கு முன்பே ஹெச்.ஆருக்கு மெயில் போய்விடும். ஆஃபர் கடிதம் கைக்கு வந்து, நீங்களே மேனேஜரிடம் சொல்லும்வரை அதற்கு ‘இல்லை’ என்றே பதில் எழுதுங்கள். அப்படி எழுதுவதை யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.